மூன்று சொல்லுக்கு ஒரு சொல்: ஈட்டுறுதியும் பொறுப்பு வரம்பும் மொழிமாறும்போது

ஆங்கில ஒப்பந்தங்களின் பின்பக்கங்களில் நான்கு சொற்கள் அடிக்கடி அடுத்தடுத்து வரும்: லாஸ், டேமேஜஸ், காம்பென்சேஷன், இண்டெம்னிட்டி. அவசரமாகச் செய்த தமிழாக்கத்தில் முதல் சொல் இழப்பு ஆகிவிடும். மீதி மூன்றும் இழப்பீடு ஆகிவிடும். அகராதியைப் புரட்டினால் அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இண்டெம்னிட்டிக்கு ஒரு பிரிவு, டேமேஜஸுக்கு ஒரு பிரிவு, இரண்டுக்கும் உச்சவரம்பு போட இன்னொரு பிரிவு என்று வழக்கறிஞர் தனித்தனியாகக் கட்டிவைத்திருப்பார். தமிழில் மூன்று அறைகளுக்கும் நடுவிலிருந்த சுவர் இடிந்து ஒரே கூடமாகிவிடுகிறது. யார் எந்த அறையிலிருந்து பணம் கேட்கிறார் என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் இந்தச் சுவர் தெளிவாகவே இருக்கிறது. பிரிவு 73 பேசுவது ஒப்பந்தத்தை மீறியதால் வந்த இழப்பைப் பற்றி. அங்கே மீறல் நடந்ததையும் அதனால் இழப்பு வந்ததையும் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பணம். பிரிவு 124 பேசுவது வேறொன்று. ஒருவர் தன்னுடைய செயலாலோ மற்றொருவர் செயலாலோ எதிராளிக்கு இழப்பு நேராமல் அவரைக் காப்பதாகத் தரும் வாக்கு அது. மூல வாசகத்தில் வினைச்சொல்லே ‘காத்தல்’தான், ‘ஈடுசெய்தல்’ அன்று. இழப்பீடு என்ற சொல் அடி விழுந்த பிறகு போடும் மருந்து. 124-இன் வாக்கு, அடி விழுவதற்கு முன்பே குறுக்கே கையை நீட்டுவது.

இது வெறும் சொல்நயம் இல்லை என்பதை 1942-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிவான கஜானன் மோரேஷ்வர் வழக்கு காட்டியது. காப்பதாக வாக்குப் பெற்றவர் தன் கையிலிருந்து பணம் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அவர் தலையில் கடன் பொறுப்பு உறுதியாக ஏறிவிட்டது. முதலில் நீ கட்டு, பிறகு என்னிடம் கேள் என்று எதிர்த்தரப்பு சொல்ல முடியாது, அந்தப் பொறுப்பிலிருந்து அவரை இப்போதே விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றது நீதிமன்றம். இந்த உரிமையைத் தமிழ்ப் பிரதியில் ‘இழப்பீடு வழங்கும்’ என்று எழுதினால் என்ன ஆகும்? படிப்பவர், இழப்பு நேர்ந்தால்தானே ஈடு என்று நினைத்துக் காத்திருப்பார். வார்த்தைக்கு வார்த்தை சரியான மொழிபெயர்ப்பு, உரிமையில் பாதியைத் தின்றுவிடும்.

அகராதிகளில் ஈட்டுறுதி என்றொரு சொல் இருக்கிறது. ஈடு, உறுதி இரண்டும் அதில் உண்டு என்பதால் இழப்பீட்டைவிட அது நல்லது. பேச்சு வழக்கில் அது இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பங்குப் பத்திரம் தொலைந்துபோனவர் வங்கியிலும் வக்கீலிடமும் கேட்பது இண்டெம்னிட்டி பாண்டுதான். ஆகவே ஈட்டுறுதியை எடுத்தாளும் மொழிபெயர்ப்பாளர், வரையறைப் பகுதியிலேயே அதன் பொருளை முழு வாக்கியமாக எழுதிவிட்டு, பிறகு ஒப்பந்தம் முழுக்க அதே சொல்லை மாற்றாமல் ஆள்வது உத்தமம். ஓர் இடத்தில் ஈட்டுறுதி, மறு இடத்தில் நட்டஈடு என்று நடைக்காக மாற்றினால் இரண்டும் வெவ்வேறு பொருள் என்று வாதிட எதிர்த்தரப்புக்கு வழி கிடைக்கும். கதை எழுதுகிறவருக்குச் சொல் திரும்ப வருவது உறுத்தும். ஒப்பந்தத்தில் அது திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், தமிழுக்கு இந்தக் கருத்து புதிதே இல்லை. கிரயப் பத்திரம் எழுதுகிறவர்கள் வெகுகாலமாக இதைத்தான் எழுதிவருகிறார்கள். சொத்தில் பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் அதை விற்பவர் தன் சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் முன்னின்று தீர்த்துக் கொடுப்பதாக ஒரு வரி எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். ஆங்கில ஒப்பந்தக்காரர் டிஃபெண்ட், இண்டெம்னிஃபை, ஹோல்ட் ஹாம்லெஸ் என்று மூன்று வினைகளை அடுக்கிச் சொல்வதில் பெரும்பகுதி ‘முன்னின்று தீர்த்துக் கொடுத்தல்’ என்ற ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகிறது. முன்னிற்றல் என்றால் வழக்கு வந்தால் எதிரில் நிற்பது இவர். தீர்த்தல் என்றால் பணம் மட்டும் கொடுத்து ஒதுங்கிவிட முடியாது. சிக்கல் தீர வேண்டும். கொடுத்தல் என்றால் பலன் மற்றவருக்கு. ஹோல்ட் ஹாம்லெஸ் என்பதைத் ‘தீங்கற்றவராக வைத்திருத்தல்’ என்று எழுதிவைத்த படிவங்கள் உண்டு; படித்தால் யாரோ ஒருவரைக் காவலில் வைத்திருப்பதுபோல இருக்கும். பத்திர எழுத்தரிடம் கேட்டிருந்தால் நல்ல தமிழ் கிடைத்திருக்கும்.

எதிர்த் திசையிலும் இதே வரி இடறுகிறது. கிரயப் பத்திரத்தை வங்கிக்காகவோ வெளிநாட்டிலிருக்கும் வாரிசுக்காகவோ ஆங்கிலமாக்குபவர் அந்த வரியை இண்டெம்னிஃபை என்ற ஒற்றை வினையில் முடித்துவிடுவது எளிது. அப்போது முன்னிற்பதும் தீர்ப்பதும் காணாமல் போகும். விற்றவர் ஒரு தொகையை நீட்டிவிட்டு, பங்காளி போட்ட வழக்கை வாங்கியவரே நடத்திக்கொள்ளட்டும் என்று சொல்வதற்கு அந்த ஆங்கிலம் இடம் தருகிறது, தமிழ் தரவில்லை. வில்லங்கம் என்ற சொல்லும் அப்படித்தான். பதிவு அலுவலகத்து வில்லங்கச் சான்றில் வருவது பதிவான அடமானம், கிரயம் போன்றவை. ஊர்ப் பேச்சில் வில்லங்கம் என்றால் பங்காளித் தகராறும் வேலித் தகராறும்கூட. என்கம்ப்ரன்ஸ் என்று ஒரு சொல்லில் மாற்றினால் பின்னது கழன்றுவிடும். உரிமைப் பூசல்கள், மூன்றாம் நபர் கோரிக்கைகள் என்று விரித்து எழுத வேண்டியிருக்கும்.

சொல்லைத் தாண்டி இலக்கணத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலத்தில் இப்படியொரு வாக்கியம்: ஒப்பந்ததாரர் நிறுவனத்துக்கு ஈட்டுறுதி தருவார், ‘இட்ஸ்’ கவனக்குறைவால் எழும் கோரிக்கைகளிலிருந்து. ஒப்பந்ததாரர் என்பது ஒரு கம்பெனியாக இருந்தால், இந்த ‘இட்ஸ்’ யாருடையது? அவருடைய கவனக்குறைவா, காக்கப்படும் நிறுவனத்துடையதா? ஆங்கிலம் இதைச் சொல்லாமலே நழுவிவிடும். தமிழ் நழுவ விடாது. ‘தனது கவனக்குறைவால்’ என்றால் எழுவாயான ஒப்பந்ததாரர். ‘அதன் கவனக்குறைவால்’ என்றால் மனம் நிறுவனத்தின் பக்கம் திரும்பும். முதலாவது வழக்கமான ஏற்பாடு. இரண்டாவது, அடுத்தவன் செய்த தப்புக்கு இவன் பணம் கட்டுவது. சட்டம் அதையும் முற்றாகத் தடுப்பதில்லை; ஆனால் அப்படி ஒரு சுமையை யாரும் தெரியாமல் ஏற்க மாட்டார்கள். மூலம் மௌனமாக இருக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பு எழுதக் கூடாது. எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொண்டு, தமிழில் பிரதிப்பெயரையே விட்டுவிட்டு ‘ஒப்பந்ததாரரின் கவனக்குறைவால்’ என்று பெயரைப் போடுவதுதான் வழி.

இனி பொறுப்பு வரம்பு. கிரயப் பத்திர மரபில் இதற்கு நிகராக ஒன்றும் இல்லை. அங்கே விற்பவர் முழுப் பொறுப்பையும் ஏற்பதே வழக்கம். தமிழ் வாசகர் இந்த வகையை அறிந்திருப்பது வாகன நிறுத்துமிடத்துப் பலகையில்: வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. அது வரம்பு அன்று, அடியோடு விலக்கு. ஆகவே லிமிடேஷன் ஆஃப் லயபிலிட்டி என்ற தலைப்பைக் கண்டதும் கை தானாகப் ‘பொறுப்பு விலக்கு’ என்று எழுதிவிடுகிறது. பத்து லட்சம் வரை தருவேன் என்பதும் ஒன்றும் தரமாட்டேன் என்பதும் ஒன்றல்ல. லிமிடேஷன் என்பதைக் காலவரையறை என்று எழுதுவது இன்னொரு விபத்து. 1963-ஆம் ஆண்டு லிமிடேஷன் சட்டம் வழக்குப் போடும் காலக்கெடுவைப் பற்றியது, இங்கே பேசப்படுவது தொகையின் உச்சவரம்பு.

பொறுப்பு என்ற சொல்லே தளர்வானது. வேலையை யார் பார்ப்பது என்பதும் பொறுப்பு, பணத்துக்கு யார் பதில் சொல்வது என்பதும் பொறுப்பு. பணத்தைக் குறிக்குமிடத்தில் ‘செலுத்த வேண்டிய பொறுப்பு’ என்றோ ‘பணப்பொறுப்பு’ என்றோ நீட்டி எழுதினால் குழப்பம் குறையும். பழைய பத்திரங்களின் ஜவாப்தாரி இந்த வேலையை அழகாகச் செய்தது. இன்று அதைப் போட்டால் படிப்பவர் சிரிப்பார்.

ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட்டதெல்லாம் செல்லும் என்று எண்ணுவோருக்கு, சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்த லில்லி ஒயிட் எதிர் முனுசாமி வழக்கு நினைவிருக்க வேண்டும். 1966 தொகுப்பில் வெளியான தீர்ப்பு அது. சலவைக்குக் கொடுத்த புதுச் சேலை தொலைந்தது. துணி தொலைந்தால் சந்தை மதிப்பில் 15 சதவீதம் மட்டுமே தருவோம் என்று ரசீதில் இருந்தது. இப்படி ஒரு நிபந்தனை செல்லுபடியானால், புதுத் துணியை வைத்துக்கொண்டு சிறு தொகையைக் கொடுத்து அனுப்பக் கடைக்காரருக்கு ஆசை வரும் என்ற நோக்கில், அது பொதுக் கொள்கைக்கு முரண் என்று நீதிமன்றம் ஏற்க மறுத்தது. மொழிபெயர்ப்பாளருக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. வரம்புப் பிரிவு நீதிமன்றத்தில் சந்தேகத்தோடு படிக்கப்படும் பிரிவு. அதைத் தமிழில் மென்மையாக்கினாலும் கடுமையாக்கினாலும் அந்தச் சந்தேகத்தின் எடை மாறும்.

வரம்புப் பிரிவின் நடுவில் உட்கார்ந்திருக்கும் மிகப் பொல்லாத சொல் கான்சிக்வென்ஷியல். பின்விளைவு இழப்பு என்று மாற்றுவது எளிது. ஆனால் எல்லா இழப்பும் ஏதோ ஒன்றின் பின்விளைவுதானே? இயந்திரம் பழுதானது, ஆலை நின்றது, வருமானம் போனது: தமிழ் வாசகருக்கு மூன்றாவது நிச்சயமாகப் பின்விளைவு. இங்கிலாந்து நீதிமன்றங்கள் அப்படிப் படிக்கவில்லை. 1854-இல் தீர்ந்த ஹேட்லி எதிர் பேக்ஸண்டேல் வழக்கு இழப்பை இரண்டு வகையாகப் பிரித்தது. மீறலிலிருந்து வழக்கமான போக்கில் தானாக எழுவது ஒன்று. ஒப்பந்தம் செய்தபோது இருவருக்கும் தெரிந்திருந்த தனிச் சூழ்நிலையால் எழுவது இன்னொன்று. கான்சிக்வென்ஷியல் என்றால் இரண்டாவது மட்டுமே என்று பிற்காலத் தீர்ப்புகள் இறுக்கிவிட்டன.

அந்த இறுக்கத்தின் விலையைப் பிரிட்டிஷ் ஷுகர் வழக்கில் பார்க்கலாம். சர்க்கரை நிறுவனம் வாங்கிய மின்சாதனத்தின் விலை ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுண்டுக்குச் சற்று மேல். சாதனம் சரியாக ஓடாததால் உற்பத்திச் செலவு ஏறியது, இலாபம் போனது. கேட்ட தொகை 50 லட்சம் பவுண்டுக்கு மேல். கான்சிக்வென்ஷியல் இழப்புக்கான பொறுப்பு ஒப்பந்த மதிப்போடு நிற்கும் என்று பிரிவு இருந்தது. விற்றவர் நிம்மதியாக இருந்திருப்பார். மேல்முறையீட்டு நீதிமன்றமோ, மின்சாதனம் பழுதானால் ஆலை உற்பத்தி கெடுவது இயல்பான விளைவு, அது நேரடி இழப்பு, ஆகவே இந்த வரம்பு அதைத் தொடாது என்றது. இதே பிரிவைப் ‘பின்விளைவு இழப்பு’ என்று தமிழாக்கி, படித்துப் புரிந்துகொண்ட பொருளில் கையெழுத்திட்டால், வாங்கியவர் ஒப்பந்த மதிப்புக்கு மேற்பட்ட அத்தனை லட்சத்தையும் விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

இந்தியச் சட்டமும் ஏறத்தாழ இதே பிளவை வைத்திருக்கிறது. பிரிவு 73-இன் கீழ் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆலை நின்றுகிடக்கிறது என்று சொல்லியே ஒருவர் இயந்திரத்தை அனுப்பக் கொடுக்கிறார். அனுப்புகிறவர் காலம் தாழ்த்துகிறார். ஆலை ஓடியிருந்தால் அந்த நாட்களில் கிடைத்திருக்கும் சராசரி இலாபம் கிடைக்கும். இடையில் கைநழுவிய அரசாங்க ஒப்பந்தத்தின் இலாபம் கிடைக்காது. இரண்டும் ‘இலாப இழப்பு’தான், ஒன்று உள்ளே, மற்றது வெளியே. ஆகவே ஆங்கில மூலத்தில் ‘மறைமுக அல்லது கான்சிக்வென்ஷியல் இழப்பு, இலாப இழப்பு உட்பட’ என்று வந்தால் மொழிபெயர்ப்பாளர் பேனாவை வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். இலாப இழப்பு முழுதும் விலக்கப்படுகிறதா, மறைமுகமான இலாப இழப்பு மட்டுமா? ஆங்கிலத்தில் அந்த ஈரடி வால்போலப் பின்னால் தொங்கும். தமிழில் அடைமொழிகள் பெயருக்கு முன்னால் வந்தாக வேண்டும். ‘இலாப இழப்பு உள்ளிட்ட மறைமுக இழப்புகள்’ என்று எழுதினால் எல்லா இலாப இழப்பும் மறைமுகமே என்று அறிவித்ததுபோலத் தொனிக்கிறது. ‘மறைமுக இழப்புகள், அவற்றில் அடங்கும் இலாப இழப்பு’ என்றால் மறுபக்கம் சாய்கிறது. எது வேண்டும் என்பது வாடிக்கையாளரின் வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. கேட்பதற்கு முன், எந்த நாட்டுச் சட்டம் ஒப்பந்தத்தை ஆளும் என்ற பிரிவை ஒருமுறை பார்த்துக்கொண்டால் கேள்வியும் கூர்மையாக இருக்கும்.

இவை எல்லாம் ஒரே இடத்தில் எப்படி மோதுகின்றன என்பதற்கு ஒரு கற்பனை ஒப்பந்தம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவர், சாயப்பட்டறை ஒன்றோடு ஜாப் ஒர்க் உடன்படிக்கை செய்கிறார். வாசகம் அவருடைய வெளிநாட்டு வாடிக்கையாளர் கொடுத்த ஆங்கிலப் படிவத்திலிருந்து வந்தது. பட்டறை உரிமையாளர் படிப்பதற்காகத் தமிழாக்கப்படுகிறது. பிரிவு 8: பட்டறையின் கவனக்குறைவால் மூன்றாம் நபர் எழுப்பும் கோரிக்கைகளுக்கு ஈட்டுறுதி. பிரிவு 9: பட்டறையின் மொத்தப் பணப்பொறுப்பு, முந்தைய 12 மாதச் சாயக்கூலியைத் தாண்டாது, ஆனால் இந்த வரம்பு பிரிவு 8-க்கு ‘சப்ஜெக்ட் டு’, அதாவது பிரிவு 8 தான் மேலே நிற்கும். சாயக்கூலி 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஐரோப்பாவில் சில அசோ சாயங்களுக்குத் தடை உண்டு. அவற்றில் ஒன்று துணியில் இருப்பதாகச் சோதனையில் தெரிகிறது. வாடிக்கையாளர் ஏற்றுமதியாளரிடம் 30 லட்சம் கேட்கிறார். வழக்கறிஞர் செலவு 2 லட்சம். அடுத்த பருவத்து ஆர்டரும் போகிறது. அதில் 15 லட்சம் இலாபம் வந்திருக்கும்.

மூலப்படி கணக்கு இது: 30 லட்சமும் ஈட்டுறுதிக்குள், 10 லட்ச வரம்புக்கு வெளியே. வழக்கறிஞர் செலவும் அதோடு சேரும். வழக்கில் ஈட்டுறுதி பெற்றவர் நியாயமாகச் செய்த செலவைப் பிரிவு 125 அனுமதிக்கிறது. அடுத்த பருவத்து 15 லட்சம் மூன்றாம் நபரின் கோரிக்கை அல்ல, ஏற்றுமதியாளரின் சொந்த இழப்பு. அரசாங்க ஒப்பந்தத்தை இழந்த ஆலைக்காரர் நிலைதான் அவருக்கும். ஆகப் பட்டறையின் தலையில் 32 லட்சம்.

தமிழில் பிரிவு 9-ஐத் தட்டெழுதியவர் ‘பிரிவு 8-க்கு உட்பட்டு’ என்பதற்குப் பதில் ‘பிரிவு 8 உட்பட’ என்று அடித்துவிட்டார். கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே சொல். முன்னதில் பிரிவு 8 மேலே நிற்கிறது. பின்னதில் பிரிவு 8-உம் வரம்புக்குள்ளே அடைபடுகிறது. 32 லட்சம் 10 லட்சமாகச் சுருங்கிவிட்டது. பிழைதிருத்துகிறவர் சந்திப்பிழை, ஒற்று எல்லாம் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போகக்கூடும், ஏனென்றால் இரண்டும் நல்ல தமிழ். இலக்கணம் பார்த்தால் இது அகப்படாது. ரூபாயைப் போட்டு இரண்டு பிரதியையும் தனித்தனியே கணக்கிட்டுப் பார்த்தால் உடனே அகப்படும். அந்தக் கணக்கை மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்ப் பிரதியை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்வது நல்லது. விடை வேறுபட்டால் எந்தச் சொல்லில் பிரிந்தது என்று தேடலாம்.

திருத்திய பிரிவு 8 இப்படி இருக்கலாம்: ‘சாயப்பட்டறையின் கவனக்குறைவால் மூன்றாம் நபர் எவரும் ஏற்றுமதியாளர்மீது கோரிக்கை எழுப்பினால், ஏற்றுமதியாளர் முன்கூட்டிப் பணம் செலுத்தியிருக்க வேண்டும் என்ற தேவையின்றி, பட்டறை தன் சொந்தச் செலவில் முன்னின்று அதைத் தீர்த்துக் கொடுக்கும்.’ பிரிவு 9-இல் ‘உட்பட்டு’ என்ற சொல்லையே தவிர்த்துவிடலாம்: ‘இந்த வரம்பு பிரிவு 8-இன்படி செலுத்த வேண்டிய தொகைக்குப் பொருந்தாது.’ ஆங்கில மூலத்தைவிட இது நீளம். மூலத்தைவிடத் தெளிவும் கூட. பட்டறைக்காரர் படித்துவிட்டு, இவ்வளவு என்னால் ஏற்க முடியாது என்று கையெழுத்துக்கு முன்பே எழுந்துபோகக்கூடும். அப்போது ஏற்றுமதியாளர் கோபத்தை மொழிபெயர்ப்பாளர்மேல் காட்டுவார்.

கடைசிப் பக்கத்தில், இரு மொழிப் பிரதிகள் முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும் என்ற வரி அநேகமாக இருக்கும். அதை நம்பித் தமிழைத் தளர்வாக விடுகிறவர்கள் உண்டு. பட்டறைக்காரர் படித்தது திருத்தப்படாத தமிழை மட்டுமே. அவர் கணக்கில் 10 லட்சம், நீதிமன்றம் படிக்கும் ஆங்கிலத்தில் 32 லட்சம். 22 லட்சம் ரூபாய் வித்தியாசத்தை அவர் முதன்முதலாகக் கேள்விப்படுவது வக்கீல் நோட்டீசில்.